வீட்டை அமலாக்கத்துறை முடக்கினால்: உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முடக்க உத்தரவோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மேல் எந்த வழக்கும் இருக்காது. வழக்கில் இருப்பவரின் மனைவியாக, அம்மாவாக, மைத்துனராக இருப்பார்கள். அல்லது அவரிடம் நல்ல விலை கொடுத்து மனை வாங்கியவராக இருப்பார்கள். இவர்களுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002 என்பதைக் கீழே சுருக்கமாக பிஎம்எல்ஏ என்றே சொல்கிறேன்.

வழக்கு என் கணவர் மேல். வீடு என் பேரில். என் வீட்டை எப்படி முடக்கலாம்?

இந்தச் சட்டம் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. அந்தச் சொத்துக்குள் போன பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறது. முதலில் ஒரு மூலக் குற்றம் இருக்க வேண்டும். மோசடி, லஞ்சம், போதைப்பொருள் கடத்தல் போல சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களில் ஒன்று அது. அந்தக் குற்றத்தால் நேராகவோ சுற்றிவளைத்தோ கிடைத்த சொத்து எதுவானாலும் 'குற்ற வருமானம்' ஆகிவிடும். அது உங்கள் கையில் இருந்தால், நீங்கள் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கே போகாமல் 5-வது பிரிவின் கீழ் அதை முடக்கலாம்.

ஆனால் நினைத்தவுடன் முடக்கிவிட முடியாது. துணை இயக்குநர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர், தன்னிடம் உள்ள ஆவணங்களை வைத்து இரண்டு விஷயங்களை நம்ப வேண்டும். ஒன்று, உங்களிடம் இருப்பது குற்ற வருமானம். இன்னொன்று, விட்டுவைத்தால் அது விற்கப்படும் அல்லது மறைக்கப்படும். அந்த நம்பிக்கைக்கான காரணத்தை அவர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். உத்தரவு கையில் வந்ததும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது காரணத்தைத்தான். பல உத்தரவுகளில் ஒரே பத்தி அத்தனை சொத்துக்கும் பொதுவாக ஒட்டப்பட்டிருக்கும். பன்னிரண்டு வருடமாக நீங்கள் குடியிருக்கிற வீட்டை விற்கப்போகிறீர்கள் என்று அதிகாரி எதை வைத்து நினைத்தார்? இதை உங்கள் பதிலில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நாங்கள் இப்போதே வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

வேண்டாம். முடக்கம் என்றால் கைமாற்றத் தடை என்றுதான் பொருள். விற்க முடியாது, தானம் எழுத முடியாது, அடகு வைக்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கடிதம் போய், வில்லங்கச் சான்றிதழில் பதிவு ஏறிவிடும். ஆனால் அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை முடக்கம் தடுக்காது என்று 5-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், பராமரிக்கலாம்.

இந்தத் தற்காலிக முடக்கத்தைத் தீர்ப்பளிக்கும் ஆணையம் உறுதி செய்த பிறகுதான் ஆபத்து. அப்போது 8(4) பிரிவின்படி அமலாக்கத்துறை வீட்டை எடுத்துக்கொள்ள முயலலாம். அதற்கான விதிகளில் காலி செய்ய 10 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. 2022 ஜூலை 27-ம் தேதி விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிஎம்எல்ஏவின் பெரும்பாலான பிரிவுகளை அப்படியே ஏற்றது. ஆனால் பறிமுதல் உத்தரவுக்கு முன்பே சுவாதீனம் எடுப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்தால் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நாளில் வக்கீல் தேடி அலைய முடியாது. அதனால் உறுதி உத்தரவு வந்த அன்றே ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

180 நாள், 30 நாள், 45 நாள் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

ஒரு உத்தரவை வைத்துப் பார்ப்போம். 2025 மார்ச் 3-ம் தேதி துணை இயக்குநர் கையெழுத்திடுகிறார் என்று வையுங்கள். இது தற்காலிக முடக்கம்தான், ஆயுள் 180 நாள், ஆகஸ்ட் 30 வரை. அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 2-க்குள், டெல்லியில் உள்ள தீர்ப்பளிக்கும் ஆணையத்திடம் அமலாக்கத்துறை புகார் மனு போட வேண்டும். ஆணையம் அதைப் படித்துவிட்டு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். பிறகு இரு தரப்பையும் கேட்டு, ஆகஸ்ட் 30-க்குள் முடக்கத்தை உறுதி செய்ய வேண்டும் அல்லது விடுவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் உத்தரவு தானாகக் காலாவதியாகும். நடுவில் உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருந்தால் அந்த நாட்களைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள்.

உறுதி உத்தரவு உங்கள் கைக்கு ஆகஸ்ட் 29 அன்று வருகிறது என்றால், மேல்முறையீட்டுக்கு 45 நாள், அக்டோபர் 13 வரை. இங்கே கணக்கு உத்தரவின் தேதியிலிருந்து இல்லை, அது உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து. அதனால் தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் இருக்கும் முத்திரைதான் உங்கள் சாட்சி.

இன்னொரு கெடுவும் உண்டு. சிறப்பு நீதிமன்றத்தில் பிஎம்எல்ஏவின் கீழ் பணமோசடி வழக்கே இன்னும் தாக்கலாகவில்லை என்றால், உறுதியான முடக்கம் 365 நாளுக்கு மேல் நிற்காது. வழக்கு தாக்கலாகிவிட்டால் அது முடியும் வரை நீடிக்கும்.

நோட்டீஸுக்கு என்ன எழுதுவது? 'எனக்கு ஒன்றும் தெரியாது, நான் குடும்பப் பெண்' என்றால் போதாதா?

அந்தப் பதிலால் வீட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 8(1) பிரிவின் நோட்டீஸ் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சொத்தை வாங்கிய பணம் எந்த வருமானத்திலிருந்து வந்தது? தெரியாது என்பது அதற்குப் பதில் ஆகாது. உங்கள் பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்ததாகவே ஆகும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து விளக்குகிறேன். கோவையில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை 2018-ல் தன் பேரில் 80 லட்சத்துக்கு வீடு வாங்குகிறார். கணவர் ஒரு நிதி நிறுவனத்தில் பங்குதாரர். 2016 முதல் 2019 வரை அந்த நிறுவனம் டெபாசிட் வாங்கி ஏமாற்றியதாகப் பிறகு வழக்கு வருகிறது. அமலாக்கத்துறை வீடு முழுவதையும் முடக்குகிறது. உத்தரவில் இருப்பது இரண்டே வரி: கணவரின் கணக்கிலிருந்து மனைவிக்குப் பணம் போயிருக்கிறது, மனைவியின் சம்பளத்தில் இந்த வீட்டை வாங்கியிருக்க முடியாது.

ஆசிரியை முதலில் 80 லட்சத்தையும் தேதிவாரியாகப் பிரிக்க வேண்டும். வங்கிக் கடன் 45 லட்சம். 2017-ல் பாகப்பிரிவினையில் வந்த நிலத்தை விற்ற வகையில் 20 லட்சம். கணவர் கணக்கிலிருந்து 15 லட்சம். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஓர் ஆவணம் நிற்க வேண்டும். கடனுக்கு அனுமதிக் கடிதமும், வங்கி நேராக விற்றவருக்குக் கொடுத்த காசோலையின் விவரமும். நிலத்துக்கு பாகப்பிரிவினைப் பத்திரம், கிரையப் பத்திரம், பணம் கணக்கில் ஏறிய பக்கம்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 45 லட்சம் வங்கிப் பணம், அதில் களங்கம் இல்லை என்பது சரி. ஆனால் அதைத் திருப்பிக் கட்டியது யார்? எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய் வரும். முதல் இரண்டு வருடம் அது கணவரின் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டிருந்தால் 24 மாதத்துக்கு 9 லட்சத்து 36 ஆயிரம். அமலாக்கத்துறை முதல் சுற்றில் இதைக் கவனிக்காவிட்டாலும் மறுப்புரையில் கட்டாயம் எடுத்து வைக்கும். அதனால் நாமே சொல்லிவிடுவது நல்லது. மறைத்த ஒரு தவணை வெளியே வந்தால், உண்மையாகச் சொன்ன மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆக, ஆசிரியையின் பதில் 'வீடு முழுக்க என்னுடையது' என்று இருக்க முடியாது. 'நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்தாலும், இந்த வீட்டுக்குள் வந்த கணவர் பணம் 24 லட்சத்து 36 ஆயிரம்தான். மீதி என் பணம், வங்கியின் பணம். எனவே முழு வீட்டை முடக்கியது தவறு' என்பதுதான் பதில். சட்டத்தில் சொத்தின் 'மதிப்பு' என்பது வாங்கிய நாளின் சந்தை விலை. வீடு இன்றைக்கு ஒன்றரை கோடி போகும் என்பதால் உங்கள் பங்கு சுருங்கிவிடாது. முடக்கத்தை அந்தத் தொகை அளவுக்குக் குறைக்கச் சொல்லலாம். அதற்கு ஈடான நிரந்தர வைப்புத்தொகையைக் கொடுத்து வீட்டை விடுவிக்கச் சொல்லியும் கேட்கலாம். இப்படி மாற்றுப் பிணை வாங்கிக்கொண்டு சொத்தை விடுவிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில வழக்குகளில் அனுமதித்திருக்கிறது. அது உரிமை இல்லை, அவர்களுடைய விருப்பத்தைப் பொறுத்தது.

கணவரின் 15 லட்சம் முழுவதும் குற்றப்பணம்தானா என்பதும் தனிக் கேள்வி. அவருக்கு அந்தக் காலத்தில் வேறு முறையான வருமானம் இருந்திருந்தால், அந்தக் கணக்கின் வரவுகளையும் இதே மாதிரி பிரித்துக் காட்டலாம்.

பதில் எழுதும் முன் ஒன்றைக் கட்டாயம் படித்துவிடுங்கள். 50-வது பிரிவின் கீழ் சம்மன் அனுப்பி உங்களிடம் வாக்குமூலம் வாங்கியிருப்பார்கள். அதிகாரி முன்னால் பதற்றத்தில் "எல்லாம் அவர்தான் பார்த்தார், பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முடக்க உத்தரவின் பாதி அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கும். இப்போது ஆவணங்களோடு வேறு மாதிரி சொல்கிறீர்கள் என்றால், அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி எழுத வேண்டும்.

நிலத்தை 20 லட்சத்துக்கு விற்றேன். பத்திரத்தில் 12 லட்சம்தான். உண்மையைச் சொன்னால் வருமான வரியில் மாட்டிக்கொள்வேனே?

நம் ஊரில் இது இல்லாத வழக்கே கிடையாது. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் ரொக்கம் என்ற பழக்கம் பல வருடம் கழித்து இந்த இடத்தில்தான் வந்து அடிக்கிறது. அந்த 8 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. பத்திரத்தில் இருப்பதற்கு மாறாக நீங்களே பேசுகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

இருந்தாலும் நான் உண்மையைச் சொல்லத்தான் சொல்வேன். காரணம் நல்லொழுக்கம் மட்டும் இல்லை. உங்கள் கணக்கில் அந்த 8 லட்சம் ரொக்கமாக ஏறியிருப்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். விளக்கம் இல்லாத ரொக்கம் கணவர் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். பத்திரம் பதிவான மறுநாளே அந்த ரொக்கம் கணக்கில் ஏறியிருந்தால், தேதிகளின் நெருக்கமே நல்ல சாட்சி. விற்பனை ஒப்பந்தத்தில் உண்மை விலை எழுதியிருந்தால் அதைக் கொடுங்கள். பக்கத்து நிலங்கள் அதே வருடம் என்ன விலைக்குப் போயின என்று காட்டுங்கள். நிலத்தை வாங்கியவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் நல்லது. பெரும்பாலும் கொடுக்க மாட்டார், அவருக்கும் அதே பயம்.

வரிப் பிரச்சினை நிஜம்தான். நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதற்குத் தடை 2015-லேயே வந்துவிட்டது. 2017 ஏப்ரல் முதல் எந்தப் பரிவர்த்தனையிலும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம். எனவே பதிலைத் தாக்கல் செய்யும் முன் உங்கள் ஆடிட்டரைக் கூடவே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சத்துக்கான அபராதத்தையும் 80 லட்சம் வீட்டையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கதை, வரிக்கு ஒரு கதை என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு துறையும் ஒரே வங்கிக் கணக்கைத்தான் பார்க்கின்றன.

நிரூபிக்க வேண்டியது அவர்களா, நானா?

முதல் அடி அவர்களுடையது. மூலக் குற்றம் நடந்தது, அதிலிருந்து இந்தச் சொத்து வந்தது என்ற அடிப்படை உண்மைகளை அமலாக்கத்துறை முதலில் காட்ட வேண்டும். அதன் பிறகு சுமை நகரும். பணமோசடிக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், அவரிடம் உள்ள குற்ற வருமானம் பணமோசடியில் சம்பந்தப்பட்டதே என்று நீதிமன்றம் ஊகித்தாக வேண்டும். மாற்றி நிரூபிப்பது அவர் பொறுப்பு. நீங்கள் குற்றம் சாட்டப்படாதவர் என்றால் 24-வது பிரிவு 'ஊகிக்கலாம்' என்று மட்டும் சொல்கிறது. ஊகிக்காமலும் விடலாம். ஆசிரியைக்கு இந்தச் சிறிய வித்தியாசம் பெரிய உதவி. பதிலின் தொடக்கத்திலேயே 'நான் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, மூல வழக்கிலும் இல்லை, இதிலும் இல்லை' என்று எழுதிவிட வேண்டும்.

இந்த வீட்டை மாமனார் 2004-லேயே வாங்கிவிட்டார். குற்றம் நடந்ததாகச் சொல்வது 2016-ல். இதையும் முடக்கியிருக்கிறார்களே?

கேட்டால் கோபம் வருகிற விஷயம், நியாயமான கோபம். குற்றத்துக்கு முன்பு வாங்கிய சொத்து குற்றத்திலிருந்து வந்திருக்க முடியாது. 2023 நவம்பரில் பாவனா திப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அந்த வழக்கில் இரண்டு சொத்துகள் இருந்தன. மூலக் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்துக்கு முன்பே வாங்கிய ஒன்றுக்குக் குற்ற வருமானத்தோடு தொடர்பே இருக்க முடியாது என்றது நீதிமன்றம்.

ஆனால் குற்ற வருமானம் என்பதற்கான விளக்கத்தில் 'அல்லது அந்தச் சொத்தின் மதிப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. குற்றத்தில் வந்த பணத்தைச் செலவழித்துத் தீர்த்துவிட்டார் என்றால், அதே மதிப்புக்கு அவருடைய வேறு சொத்தைப் பிடிக்கலாம் என்று அமலாக்கத்துறை இந்தச் சொல்லை வைத்து வாதிடுகிறது. டெல்லி உயர் நீதிமன்றம் பெருமளவு அந்த வாதத்தை ஏற்றிருக்கிறது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில் அப்படிப் பழைய சொத்தைப் பிடிக்க முடியாது என்றது. என் கருத்தில் இரண்டாவதுதான் சட்டத்தின் சொற்களோடு பொருந்துகிறது. ஆனால் கேள்வி இன்னும் அடங்கவில்லை.

அதனால் உத்தரவில் உங்கள் சொத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'குற்றப் பணத்தில் வாங்கியது' என்று இருந்தால் 2004 பத்திரம் ஒன்றே பதில். 'ஈடான மதிப்பு' என்று இருந்தால் வாதத்தை வேறு பக்கம் கொண்டுபோக வேண்டும். மாமனார் பேரில் உள்ள வீடு மகனுடைய சொத்தே இல்லை. மகன் செலவழித்த பணத்துக்கு ஈடாக அப்பாவின் சொத்தை எப்படிப் பிடிப்பீர்கள்? பெரும்பாலான உத்தரவுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை.

மனை வாங்கியவன் நான். விற்றவர் மேல் இப்படி வழக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வழியில்லை. வில்லங்கச் சான்றிதழில் முந்தைய கிரயமும் அடமானமும் தெரியும், விற்றவர் பணம் சம்பாதித்த விதம் தெரியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் ஒரு வழக்கில், வங்கியை ஏமாற்றியவர்களிடமிருந்து முறையான பணம் கொடுத்துச் சொத்து வாங்கியவர்களின் பக்கம் நின்றது. விற்றவரின் குற்றத்தில் பங்கில்லை, தன் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டார் என்றால் அவர் தன் சுமையை இறக்கிவிட்டார் என்று பார்த்தது. இதில் ஒரு நேரான தர்க்கமும் உண்டு. நீங்கள் கொடுத்த 60 லட்சம் இப்போது விற்றவர் கையில் இருக்கிறது. குற்றத்தின் மதிப்பு அங்கே போய்விட்டது. அதைத் துரத்தாமல் உங்களையும் பிடித்தால் ஒரே பணத்தை இரண்டு முறை பிடிப்பதாகும்.

நல்லெண்ணத்தில் வாங்கியவரா என்று பார்க்கும்போது அதிகாரிகள் சிலவற்றைக் கவனிக்கிறார்கள். சந்தை விலை கொடுத்தீர்களா? வங்கி வழியாகவா? விற்றவர் உறவினரா? மோசடி வழக்கு செய்தித்தாளில் வந்த பிறகு அவசரமாகப் பதிவானதா? 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள கிரயத்தில் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். அந்தச் சலான், பரிவர்த்தனை அன்றைக்கே வெளிப்படையாக நடந்தது என்பதற்கு அருமையான சான்று. தாய்ப்பத்திரங்களை வைத்து வாங்கிய சட்டக் கருத்துரையையும், வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் சட்ட ஆய்வு அறிக்கையையும் சேருங்கள். ஒரு வங்கியே பார்த்துக் கண்டுபிடிக்காததை நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

மூல வழக்கே ரத்தாகிவிட்டால்?

அதன் மேல் நிற்கும் முடக்கமும் விழ வேண்டும். மூலக் குற்றத்தில் ஒருவர் இறுதியாக விடுவிக்கப்பட்டால், அல்லது அந்த வழக்கு நீதிமன்றத்தால் ரத்தானால், அவர் மேலும் அந்தச் சொத்து தொடர்பாக அவர் வழியே உரிமை கோருகிறவர் மேலும் பணமோசடி வழக்கு நிற்காது என்று விஜய் மதன்லால் சவுத்ரி தீர்ப்பு சொல்கிறது. நம் ஊருக்குத் தெரிந்த உதாரணம் சேகர் ரெட்டி வழக்கு. 2016 டிசம்பர் சோதனைகளில் தொடங்கிய அந்த விவகாரத்தில் மூல வழக்கு நிற்காமல் போனதால், 2022 மே மாதம் பணமோசடி வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே விவகாரத்தில்தான் 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், அதிகாரியும் ஆணையமும் தங்கள் நம்பிக்கைக்கான காரணங்களைச் சொத்துக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னது. காரணங்களின் நகல் உங்களுக்கு வரவில்லை என்றால் இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேளுங்கள்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆர்கேஎம் பவர்ஜென் நிறுவனத்தின் 901 கோடி ரூபாய் வைப்புத்தொகையை உறையவைத்த உத்தரவை ரத்து செய்தபோது, மூலக் குற்றத்தைக் கப்பலுக்கும் பணமோசடி வழக்கை அதில் ஒட்டவைக்கும் கண்ணிவெடிக்கும் ஒப்பிட்டது. கப்பல் இல்லாவிட்டால் வெடிக்கு வேலை இல்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் உங்கள் கணவர் மட்டும் விடுபட்டால், மற்ற நால்வர் மேல் மூல வழக்கு உயிரோடு இருக்கும். அவர்கள் பணம்தான் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்று அமலாக்கத்துறை பிடிவாதம் பிடிக்கும். அப்போது மறுபடியும் பழைய பணக் கணக்குக்குத்தான் திரும்ப வேண்டும்.

முடக்கத்தை ஆணையம் உறுதி செய்துவிட்டது. நேராக ஹைகோர்ட் போய்விடலாமா?

போகலாம், பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ரிட் மனுவை எடுக்க உயர் நீதிமன்றம் தயங்கும். அதிகார வரம்பே இல்லை, மூலக் குற்றமே இல்லை, கேட்காமலே உத்தரவு போட்டார்கள் என்பது போன்ற வெளிப்படையான குறை இருந்தால் எடுக்கும். ஆசிரியையின் வழக்கு கணக்குச் சம்பந்தப்பட்டது. அதை ரிட்டில் பேச முடியாது.

சரியான வழி 26-வது பிரிவின்படி டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கும் தோற்றால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சிவில் கோர்ட்டில் உரிமை வழக்கு போட்டுத் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 41-வது பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. அப்படி ஒருவர் சிவில் வழக்கில் நேரத்தைப் போக்கிவிட்டு, 45 நாள் கெடு முடிந்து பல மாதம் கழித்து என்னிடம் வந்தார். தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் தவறான ஆலோசனை கேட்டேன் என்பதைத் தகுந்த காரணமாக ஏற்க வைக்க நாங்கள் பட்ட பாடு பெரிது.

இன்னொன்று. ஆணையத்தின் முன் வைக்காத ஆவணத்தை மேலே போய்ப் புதிதாக வைத்தால், முதலில் ஏன் தரவில்லை என்பதே பெரிய வாதமாகிவிடும். முழுக் கோப்பையும் முதல் பதிலிலேயே போட்டுவிடுங்கள்.

கடன் பாக்கி இருக்கிறது. முடங்கிப்போன வீட்டுக்கு ஏன் தவணை கட்ட வேண்டும்?

கட்டுங்கள், உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். நிறுத்தினால் வங்கி தன் பங்குக்கு வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கும், உங்களுக்கு இரண்டு எதிரிகள் ஆவார்கள். வங்கிக்கும் நோட்டீஸ் போயிருக்கும். அடமான உரிமையைக் காக்க வங்கி தனியாக வாதாடுவது உங்களுக்கும் ஒரு வகையில் நல்லதுதான்.

எனக்கு நோட்டீஸே வரவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பழைய முகவரிக்கோ, விற்றவரின் பெயருக்கோ போயிருக்கலாம். பட்டா மாற்றாமல் விட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஆணையத்தில் நடவடிக்கை இன்னும் நடந்துகொண்டிருந்தால், நோட்டீஸ் கிடைக்காத உரிமையாளரும் உள்ளே வந்து தன் சொத்து பணமோசடியில் சம்பந்தப்படவில்லை என்று நிரூபிக்க 8(2) பிரிவு வாய்ப்பு தருகிறது. உடனே மனுப் போடுங்கள். உறுதி உத்தரவு வந்துவிட்டது என்றால், பாதிக்கப்பட்ட எவரும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து உங்கள் 45 நாளைக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பதிவுக்கு அடிப்படையான கடிதத்தின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். முடக்க உத்தரவின் எண்ணும் தேதியும் அதில் இருக்கும். அது கையில் இருந்தால்தான் டெல்லியில் உங்கள் கோப்பு எது என்றே கண்டுபிடிக்க முடியும்.